பத்து ரூபாய் முறுக்கில் யாருக்கு எவ்வளவு?

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் முறுக்குப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அதிகபட்ச சில்லறை விலை ரூ. 10, எல்லா வரிகளும் உட்பட. பச்சரிசி மாவு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று முதலாளி செலவைக் கூட்டி, தன் லாபத்தைச் சேர்த்து, கடைசியில் இந்தப் பத்து ரூபாயை அடைந்தார் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் நடப்பது தலைகீழ். பத்து ரூபாய் முதலில் முடிவாகிவிட்டது. கடைக்காரர் மீதிச் சில்லறை தேட வேண்டாத விலை அது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கையில் ஒரே நாணயமாக இருக்கும் விலை. ஐந்து, பத்து, இருபது என்று இந்தப் படிகள் நிலையாக இருக்கின்றன. அந்தப் பத்திலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போய், மிஞ்சுகிற காசுக்குள் முறுக்கைச் சுட முடியுமா என்று பார்ப்பதுதான் தொழில்.

எம்.ஆர்.பி. எனப்படும் இந்த அதிகபட்ச விலையை அச்சிடும் கட்டாயம் 1990-இல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தியபோது வந்தது. அதற்கு முன்பு ஒரு விலையைப் போட்டு 'உள்ளூர் வரிகள் தனி' என்று எழுதிவிடலாம். அந்த 'தனி' எவ்வளவு என்பதை வாடிக்கையாளர் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. இப்போது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் விதிகளும் நடப்பில் இருக்கின்றன. அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் கடைக்காரர்மேல் நடவடிக்கை உண்டு. ஆனால் அச்சிடும் விலை என்னவாக இருக்கலாம் என்று, மருந்து போன்ற சிலவற்றைத் தவிர, சட்டம் வாய் திறப்பதில்லை. அதை முடிவு செய்வது உற்பத்தியாளர். அவர் கையைக் கட்டிப்போடுவது பக்கத்தில் தொங்கும் இன்னொரு கம்பெனியின் சரம்தான்.

கணக்கைப் பார்க்க ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மதுரைப் பக்கம் ஒரு சிறிய ஆலை, 32 கிராம் முறுக்குப் பாக்கெட், விலை பத்து ரூபாய். நூறு பாக்கெட்டாகக் கணக்கிட்டால் ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். பைசாக்களோடு மல்லாட வேண்டியதில்லை. கீழே வரும் சதவிகிதங்கள் ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் வரியைக் கழிக்க வேண்டும். முறுக்குக்கு ஜி.எஸ்.டி. இப்போது 5 சதவிகிதம். ஆயிரத்தில் ஐந்து சதவிகிதம் ஐம்பது என்று கழித்துவிடக் கூடாது. வரி விலைக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. 105 ரூபாயில் 5 ரூபாய் வரி என்று பார்த்தால், ஆயிரத்தில் வரி 48 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மீதி 952.

இதிலிருந்து கடைக்காரரின் மார்ஜின். பெரிய விளம்பரம் இல்லாத சிறு கம்பெனி என்பதால் 20 சதவிகிதம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கடைக்காரர் வாங்கும் விலையின்மேல் இருபது. அதாவது 100 ரூபாய்க்கு வாங்கி 120-க்கு விற்பது. ஆகவே 952-ஐ 1.20-ஆல் வகுக்க வேண்டும், 794 வருகிறது. இதுதான் டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்குப் போடும் பில் ரேட். கடைக்காரருக்கு நின்றது 159.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர். அவருக்கு 8 சதவிகிதம். 794-ஐ 1.08-ஆல் வகுத்தால் 735. அவர் பங்கு 59. அவருக்கு மேலே மாவட்டத்துக்கோ மண்டலத்துக்கோ ஒரு சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் இருப்பார். ஆலையிலிருந்து லாரியில் மொத்தமாக இறக்கி, குடோனில் வைத்து, சின்ன டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குப் பிரித்து அனுப்புபவர். அவருக்கு 3 சதவிகிதம், 21 ரூபாய். மிஞ்சியது 713.

நாம் கொடுத்த ஆயிரத்தில் கம்பெனிக் கணக்கில் வந்து விழுவது 713. இதைத் திருப்பிப் போட்டால் தொழில் செய்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் கிடைக்கும். 1.03, 1.08, 1.20, 1.05 ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 1.40. இந்தச் சங்கிலியில் ஆலை வாசலில் ஒரு ரூபாய் கூடினால், அச்சிட்ட விலை ஒரு ரூபாய் நாற்பது காசு கூட வேண்டும். நடுவில் உள்ளவர்கள் யாரும் கூடுதலாக எதையும் செய்யவில்லை. ஆனால் மார்ஜின் என்பது சதவிகிதம். கீழே இருப்பது கூடினால் மேலே இருப்பதெல்லாம் தானாகக் கூடும்.

இனி அந்த 713-க்குள் ஆலை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். நூறு பாக்கெட்டுக்கு 3.2 கிலோ முறுக்கு வேண்டும். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், பாமாயில் எல்லாம் சேர்த்து, உடைந்ததையும் கருகியதையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் சரக்குச் செலவு 302 ரூபாய் என்று கொள்வோம். இதில் எண்ணெய் மட்டுமே நாற்பது சதவிகிதத்துக்கும் மேல். கிலோ முறுக்கு ஏறக்குறைய முந்நூறு கிராம் எண்ணெயைக் குடித்துவிடும். அச்சடித்த பிலிம் பாக்கெட்டுக்கு 55 காசு, நூற்றுக்கு 55 ரூபாய். பிலிமுக்குக் கொடுத்த வரியை வரவு வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதைச் செலவில் சேர்க்கவில்லை. அட்டைப்பெட்டி 22. கூலி 70. விறகோ கேஸோ 25. மின்சாரம், வாடகை, மெஷின் தவணை, உரிமம், பரிசோதனை எல்லாம் 30. கூட்டினால் 504. 'ஆலைச் செலவு' என்று சொல்வது இதைத்தான்.

713-இல் 504 போனால் 209. இவ்வளவும் லாபம் என்று நினைத்துத் தொழிலில் இறங்கியவர்கள் பலர். சரக்கைச் சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் குடோன் வரை கொண்டுபோகும் லாரி வாடகை 25. கடைகளுக்கு '20-க்கு 1 ஃப்ரீ' என்று கொடுக்கும் ஸ்கீம் 38. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பையன்களின் சம்பளமும் பேட்டாவும் 55. உடைந்தது, நமுத்தது, தேதி கடந்தது என்று திரும்பி வரும் டேமேஜ் 18. கடன் வட்டி, ஆபீஸ் செலவு 30. மொத்தம் 166. கடைசியில் நிற்பது 43 ரூபாய். பாக்கெட்டுக்கு 43 காசு. அதிலும் வருமான வரி பாக்கி.

பாக்கெட்டுக்குக் கடைக்காரர் ஒன்றரை ரூபாய்க்கு மேல் எடுக்கிறார், சுட்டுக் கொடுத்தவருக்கு அரை ரூபாய்கூட இல்லை என்றதும் கோபம் வருவது இயல்பு. கடைக்காரர் பக்கமிருந்தும் கணக்கைப் பார்க்க வேண்டும். நாடறிந்த பிஸ்கட்டுக்குப் பத்து சதவிகிதம் போதும் என்று வாங்கும் அதே அண்ணாச்சி, பெயர் தெரியாத முறுக்குக்கு இருபது கேட்கிறார். ஏன்? பிஸ்கட்டில் போட்ட ஆயிரம் ரூபாய் ஒரு வாரத்தில் விற்றுத் திரும்பிவிடும். மாதத்துக்கு நான்கு சுற்று. நான்கு முறை நூறு ரூபாய். முறுக்கில் போட்ட ஆயிரம் திரும்ப ஒரு மாதம் ஆகிறது என்றால், இருபது சதவிகிதம் வைத்தாலும் இருநூறுதான். அதே பணம், அதே ஆணி, பாதி வருமானம். அவர் பார்ப்பது பாக்கெட்டுக்கு என்ன நிற்கிறது என்பதை அல்ல. கல்லாவிலிருந்து போன பணம் மாதத்தில் எத்தனை முறை திரும்பி வருகிறது என்பதை. வேகமாக ஓடும் சரக்குக்குக் குறைந்த மார்ஜின், மெல்ல நகரும் சரக்குக்கு அதிக மார்ஜின் என்பது கடைத்தெருவின் எழுதாத விதி. கம்பெனிகள் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதி, இந்த மார்ஜினைக் குறைத்து மீட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் செலவாகிறது.

வரியிலும் சின்னக் கடைக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் கடை ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்தக் கடை 794-க்கு வரியோடு 833 ரூபாய் கொடுத்து வாங்கி, ஆயிரத்துக்கு விற்கிறது. தன் மார்ஜின்மேல் வரி கட்டுவதில்லை. ஆகவே அதற்கு நிற்பது 159 அல்ல, 167. நூறு பாக்கெட்டுக்கு எட்டு ரூபாய் வித்தியாசம். பாக்கெட் 8 ரூபாய் 33 காசு விழுகிறது என்று கடைக்காரர் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர் அதிகம் அடிவாங்குவது, மார்ஜின் பேசும் அந்த ஒரு நிமிடத்தில். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"மார்ஜின் இருபது பர்சன்ட் வேணும் தம்பி. அதுக்குக் குறைஞ்சா வைக்க மாட்டேன்."

"சரிண்ணாச்சி, இருபது தர்றோம்."

இருவரும் ஒரே எண்ணைச் சொன்னார்கள். இருவர் மனதிலும் இருந்தது வேறு வேறு தொகை. தம்பி வாங்கும் விலையின்மேல் இருபது என்று நினைத்தார்: 833-க்குக் கொடுத்து ஆயிரத்துக்கு விற்பது. அண்ணாச்சி எம்.ஆர்.பி.யில் இருபது கேட்டார்: ஆயிரத்தில் இருநூறு போக 800, வரியும் அதற்குள் அடக்கம். முதல் பில் போகும்போதே இது வெளியே வந்துவிடும். "இருபதுன்னு சொல்லிட்டு பதினாறரைதானே போட்டிருக்கீங்க" என்று சரக்கைத் திருப்பி அனுப்புவார். அவர் சொல்வதும் தப்பில்லை. வாங்கும் விலையின்மேல் 20 என்பது, விற்கும் விலையில் 16.67 தான்.

கடையை விட மனமில்லாமல் தம்பி 800-க்கு ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? 800-இல் வரி போக 762. அதை 1.08-ஆலும் 1.03-ஆலும் வகுத்தால் கம்பெனிக்கு வருவது 685. முன்பு 713, இப்போது ஏறக்குறைய 28 ரூபாய் குறைவு. 43 ரூபாய் லாபம் 15 ஆகிவிட்டது. மாவிலும் எண்ணெயிலும் காசு காசாக மிச்சம் பிடித்து வந்த லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 'எதன் மேல இருபது?' என்று கேட்காமல் விட்டதில் போகும். இத்தொழிலில் பழகியவர்கள் சதவிகிதத்தில் பேசுவதே இல்லை. "சரம் உங்களுக்கு நூறு ரூபாய், பன்னிரண்டு பாக்கெட், நூத்தி இருபதுக்கு விக்கலாம்" என்று ரூபாயில் சொல்லிவிடுவார்கள். அப்புறம் சண்டை வருவதில்லை.

நடுவில் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரை 'இடைத்தரகர்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நம் வழக்கம். அவருடைய எட்டு சதவிகிதத்தையும் விரித்துப் பார்க்கலாம். மாதம் ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுப்பவருக்கு மார்ஜின் 40,000. லைனுக்குப் போகும் வண்டி, டீசல், ஆர்டர் எடுக்கும் பையன், இறக்கிவைக்கும் ஆள், குடோன் வாடகை எல்லாவற்றிலும் இந்த முறுக்கின் பங்கு 28,000 என்றால் நிற்பது 12,000. பதினைந்து நாள் சரக்கு குடோனில் கிடக்கும். இன்னொரு பதினைந்து நாள் சரக்கின் பணம் கடைகளில் கடனாக நிற்கும். கம்பெனியோ அவருக்குக் கடன் தருவதில்லை, முன்பணம் போட்டால்தான் லோடு. ஆக அவருடைய ஐந்து லட்சம் எப்போதும் உள்ளே முடங்கியிருக்கிறது. வருடத்துக்கு 1,44,000 வருமானம்; போட்ட பணத்தில் 29 சதவிகிதம். நன்றாக இருப்பதுபோல் தெரியும். இரண்டு கடைகள் பணம் தராமல் மூடிக்கொண்டு போனால், அந்த வருடக் கணக்கு மாறிவிடும். ஒரே கம்பெனியை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது என்பதால்தான் ஒரே வண்டியில் முறுக்கு, சோப்பு, ஊதுபத்தி என்று நாலைந்து கம்பெனிச் சரக்கு போகிறது.

இந்தச் சங்கிலி உடையும் இடம் ஸ்கீம். இருபது வாங்கினால் ஒன்று ஃப்ரீ என்று கம்பெனி கொடுப்பது கடைக்காரருக்காக. பெரிய கடைகளுக்கு அது போய்ச் சேரும்; கேட்கத் தெரியாத சின்னக் கடைகளுக்கு ஃப்ரீ இல்லாமலே பில் போட்டு, அந்தப் பாக்கெட்டை டிஸ்ட்ரிபியூட்டர் தனியாக விற்றுவிடுவதும் நடக்கும். கம்பெனி ஆள் கடையில் போய்ப் பில்லை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃப்ரீ அளவு பில்லில் தனி வரியாக இருக்க வேண்டும்.

இதைவிட மோசமானது மாதக் கடைசி நெருக்கடி. இலக்கை எட்டுவதற்காகக் கம்பெனி ஆள் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் தேவைக்கு மேல் சரக்கைத் திணிப்பார். அதற்குக் கூடுதல் ஸ்கீமும் கொடுப்பார். முடங்கும் பணத்தை எடுக்க டிஸ்ட்ரிபியூட்டர் அந்த ஸ்கீமையும் தன் மார்ஜினில் பாதியையும் விட்டுக்கொடுத்து, மொத்தக் கடைத்தெருவில் தள்ளிவிடுவார். மதுரையானால் கீழமாசி வீதி. அங்கே 794 ரூபாய்ச் சரக்கு 750-க்குக் கிடைக்கிறது என்ற செய்தி ஒரே நாளில் கடைகளுக்குப் பரவும். பிறகு லைனுக்குப் போகும் பையனிடம் யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். 'ரேட் உடைஞ்சு போச்சு' என்பார்கள். உடைந்த ரேட்டை ஒட்டவைப்பது கடினம். அந்த ஊருக்குச் சில வாரம் சரக்கையே நிறுத்தி, தெருவில் உள்ளது தீரும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாலும் செய்யப்படுகிறது. அச்சிட்ட விலை அப்போதும் பத்து ரூபாய்தான். வாடிக்கையாளருக்கு உள்ளே நடந்த எதுவும் தெரியாது.

சூப்பர் மார்க்கெட் கதை வேறு. அவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்குவதில்லை, நேராகக் கம்பெனியிடம் வருவார்கள். சங்கிலியில் இரண்டு கண்ணி குறைகிறதே, கம்பெனிக்கு லாபம்தானே என்று தோன்றும். அவர்கள் கேட்பது எம்.ஆர்.பி.யில் 28 சதவிகிதம் என்றால், ஆயிரத்தில் 720 வரியோடு. வரி போக 686. டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வந்த 713-ஐவிடக் குறைவு. இதோடு அலமாரியில் இடம் பிடிக்கப் பணம், 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' வாரத்தின் செலவு, இரண்டு மாதக் கடன், விற்காததைத் திருப்பி எடுப்பது எல்லாம் கம்பெனி தலையில். 43 ரூபாய் லாபம் என்று பார்த்தோமே, அதைக் கொண்டு இந்தக் கடைக்குள் நுழைய முடியாது. அதனால்தான் பத்து ரூபாய்ப் பாக்கெட் அங்கே அதிகம் தென்படாது. அதே முறுக்கு 150 கிராம் டப்பாவில், அங்கே மட்டும் விற்கும் அளவில், வேறு விலையில் இருக்கும். எம்.ஆர்.பி.யில் பத்து சதவிகிதம் தள்ளுபடி என்ற அட்டையும் தொங்கும். அந்தத் தள்ளுபடிக்கு இடம் விட்டே விலை அச்சாகியிருக்கிறது.

விலையைப் பெரிதாக அச்சிடுவது எங்கே பலன் தரும் என்பதற்கு மருந்துக் கடையைப் பார்க்கலாம். முறுக்கு வாங்குபவர் பத்து ரூபாயைத் தாண்டினால் பக்கத்துச் சரத்துக்குக் கை நீட்டுவார். மருந்து வாங்குபவர் விலையை ஒப்பிடுவதில்லை; கொடுத்ததை வாங்குகிறார். விளம்பரமும் மருத்துவப் பிரதிநிதியும் இல்லாமல் நேராகக் கடைகளுக்குப் போகும் ஜெனரிக் மாத்திரைகளில், கடைக்காரர் வாங்கும் விலைக்கும் அட்டையில் உள்ள விலைக்கும் பல மடங்கு இடைவெளி இருப்பது இதனால்தான். அங்கே கம்பெனிகள் போட்டி போடுவது நோயாளியின் பாக்கெட்டுக்காக அல்ல, கடைக்காரரின் மார்ஜினுக்காக. அரசு மார்ஜினில் கைவைத்திருப்பதும் அதே இடத்தில்தான். 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துக்கு, சந்தையில் ஒரு சதவிகிதத்துக்குக் குறையாத பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையின் சராசரியை எடுத்து, அதன்மேல் 16 சதவிகிதம் சேர்த்து உச்சவரம்பு வைக்கிறார்கள். பட்டியலுக்கு வெளியே இருந்த 42 புற்றுநோய் மருந்துகளுக்கு 2019 பிப்ரவரியில் வணிக மார்ஜின் 30 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஆணை வந்தது.

முறுக்குக்கு இப்படி எந்த ஆணையும் இல்லை. அங்கே விலை அசையாது, அசைவது கிராம்.

2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் செய்த முறுக்கு, மிக்சர் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது. நம் பாக்கெட் அதற்கு முன்பு 30 கிராமாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வரிக்குறைப்பை அப்படியே விலையில் கொடுத்தால் பத்து ரூபாய், 9 ரூபாய் 37 காசு ஆக வேண்டும். அந்த அறுபத்து மூன்று காசை எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்க முடியாது. ஒரு மிட்டாய்தான் கைக்கு வரும். ஆகவே விலையை விட்டுவிட்டு எடையை 32 கிராம் ஆக்குகிறார்கள். வாங்குபவருக்கு இது நியாயமான கணக்குதான்: கிராமுக்குக் கொடுக்கும் காசு, விலையைக் குறைத்திருந்தால் எவ்வளவு இறங்கியிருக்குமோ அவ்வளவே இறங்குகிறது.

கம்பெனிப் பக்கம் இதே கணக்கு வேறு மாதிரி விழுகிறது. நூறு பாக்கெட்டில் வரி 107-இலிருந்து 48 ஆனது. கிட்டத்தட்ட 60 ரூபாய் விடுபட்டது. மார்ஜின் சதவிகிதத்தில் ஓடுவதால் அதில் 15 ரூபாய் கடைக்காரருக்கும் நடுவில் உள்ளவர்களுக்கும் கேட்காமலே போய்ச் சேர்ந்தது. 45 கம்பெனிக்கு வந்தது. இரண்டு கிராம் கூடுதலாகப் போட ஆகும் செலவு எவ்வளவு? மாவும் எண்ணெயும் கூலியும் சேர்த்து 25 ரூபாய். பிலிமும் அட்டைப்பெட்டியும் லாரி வாடகையும் கூடவில்லை. வாங்குபவருக்கு முழுப் பயனும் கிடைத்தது. கம்பெனிக்கும் 20 ரூபாய் நின்றது. 23 ரூபாயாக இருந்த லாபம் 43 ஆனது இப்படித்தான். எடையில் கொடுப்பது விலையில் கொடுப்பதைவிட மலிவு என்பது இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இதையே எதிர்த் திசையிலும் ஓட்டலாம். 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத பாமாயில் மீதான அடிப்படை இறக்குமதி வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவிகிதம் ஆனது. 2025 மே மாதக் கடைசியில் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். அப்படி ஒரு வரிமாற்றத்தாலோ மலேசியாவில் மழை தப்பியதாலோ எண்ணெய் கிலோவுக்கு இருபது ரூபாய் ஏறினால், நம் நூறு பாக்கெட்டில் செலவு 19 ரூபாய் கூடும். 43 ரூபாய் லாபம் 24 ஆகும். விலையில் வசூலிக்க வேண்டுமானால் 1.40-ஆல் பெருக்கி, நூறு பாக்கெட்டுக்கு 27 ரூபாய் ஏற்ற வேண்டும். பாக்கெட் 10 ரூபாய் 27 காசு. நடக்காத காரியம். எடை 32-இலிருந்து 30-க்கு இறங்கினால் 25 ரூபாய் மிச்சம், வேலை முடிந்தது. பழைய பிலிம் ரோல் தீர்ந்து புதிய ரோல் ஏறும்போது எடை மாறிவிடும். பாக்கெட்டின் நீள அகலமும் படமும் மாறாது. உள்ளே கொஞ்சம் காற்று கூடும்.

இதைக் கையில் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 2024 ஜனவரி முதல், பொட்டலத்தில் எம்.ஆர்.பி.யோடு அலகு விலையும் போட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமானால் கிராமுக்கு எவ்வளவு என்று. தயாரித்த தேதிக்குப் பக்கத்தில் பொடியாக இருக்கும். பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே நிற்கும்போது, அந்த இடத்தில் 31 காசு 33 காசாக மாறியிருக்கும்.